சொந்த கிளினிக்குக்கு மருந்துச் சீட்டு பேட் அடிப்பது எப்படி: புது டாக்டர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளினிக்குக்கு இடம் பார்த்து, மேஜை நாற்காலி வாங்கி, போர்டு மாட்டியதும் அடுத்து வருவது பேட். அச்சகத்துக்குப் போனால் ஏற்கெனவே அடித்து வைத்த நான்கைந்து மாதிரிகளைக் காட்டி, “இதுல ஒண்ணு சொல்லுங்க டாக்டர், பேர் மட்டும் மாத்திடலாம்” என்பார்கள். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பின்னால் தொல்லைதான். நான் பார்த்த மாதிரிகளில் பாதியில் மருந்து எழுத இடம் போதவில்லை. மூன்றில் விதிப்படி இருக்கக்கூடாத ஏதோ ஒன்று இருந்தது. முதல் ப்ரூஃபில் என் பதிவு எண்ணில் ஓர் இலக்கமே மாறி வந்தது. எல்லாவற்றையும் சரிசெய்து கையில் பேட் வாங்குவதற்குள் நன்றாகவே அலைந்துவிட்டேன். தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து முதல்முறை சொந்தமாக உட்காரும் உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. அச்சகத்துக்குப் போகும் முன் கையில் வைத்திருக்க வேண்டியவை

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் கொடுத்த பதிவுச் சான்றிதழின் நகல் ஒன்று. மேற்படிப்பு முடித்திருந்தால், அந்தப் பட்டத்தைக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்த சான்றிதழும் வேண்டும். தேர்வில் பாஸ் ஆகி, பட்டம் கையில் வந்து, கவுன்சில் பதிவு மட்டும் நிலுவையில் இருக்கிறதா? பதிவு முடியும்வரை அந்தப் பட்டத்தைப் பேட்டில் போடாதீர்கள். அதுவரைக்கும் 500 தாள் மட்டும் அடித்துக்கொள்ளலாம்.

பெயரில் கவனம் தேவை. நம் ஊரில் இனிஷியலை முன்னால் எழுதுகிறோம், சான்றிதழில் பின்னால் இருக்கும், சிலருக்கு அப்பா பெயர் முழுசாகவே இருக்கும். சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே பேட்டிலும் ரப்பர் ஸ்டாம்பிலும் போடுங்கள். இன்ஷூரன்ஸ் க்ளெய்முக்குப் போகும் சீட்டில் ஒரு பெயர், பதிவேட்டில் இன்னொரு பெயர் என்றிருந்தால் அலைவது நோயாளிதான்.

இவை போக, கிளினிக்கின் முழு முகவரி பின்கோடோடு, நிரந்தரமாக வைத்திருக்கப் போகும் போன் எண், வேலை நேரம், வார விடுமுறை. எல்லாவற்றையும் ஒரு தாளில் டைப் செய்தே கொடுங்கள். வாயால் சொன்னால் தப்பாக அடிபடும்.

2. அளவு, தாள்

ஏ5 அளவு (148 மி.மீ. அகலம், 210 மி.மீ. உயரம்) போதும். ஏ4 பெரிது, நோயாளி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைப்பார், மடிப்பில் எழுத்து அழியும். ஏ5-ஐ விடச் சின்னதாக வேண்டாம், காரணம் கீழே கணக்கில் தெரியும்.

தாள் 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ கேளுங்கள். 70-லும் எழுதலாம், ஆனால் பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி எழுதுபவர் என்றால் பின்பக்கம் தடம் விழும். பளபளப்பான ஆர்ட் பேப்பர் பார்க்க அழகாக இருக்கும். அதில் பேனா வழுக்கும், மெடிக்கல் ஷாப்பில் அடிக்கும் ஸ்டாம்ப் மை காயாமல் ஈஷிக்கொள்ளும்.

3. தலைப்பகுதி: என்ன போடலாம், என்ன கூடாது

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிமுறைகள்தான் இதற்கு அடிப்படை. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிமுறைகளை வெளியிட்டு, அதே மாதத்தில் நிறுத்தி வைத்தது. அதனால் பழையதையே பாருங்கள்.

கட்டாயமாக இருக்க வேண்டியது உங்கள் பதிவு எண். மருந்துச் சீட்டு, சான்றிதழ், பண ரசீது மூன்றிலும் அது இருக்க வேண்டும் என்பது விதி. பெயருக்கு அடுத்த வரியில் பட்டம், அதற்கு அடுத்த வரியில் பதிவு எண் என்று வைத்தால் யாரும் தேட வேண்டியதில்லை. சில இடங்களில் ஆஸ்பத்திரி பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டு, டாக்டர் யார் என்பதே இல்லாத பேட் வைத்திருப்பார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படித்தான். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாமல் மெடிக்கல் ஷாப்பில் இருந்து போன் வந்துகொண்டே இருக்கும். ஒரே கிளினிக்கில் இரண்டு பேர் உட்கார்ந்தாலும் ஆளுக்கொரு பேட் அடியுங்கள்.

கூடாதவை நான்கு. உங்கள் போட்டோ முதலாவது. விதிமுறையில் அது சுய விளம்பரம் என்றே எழுதியிருக்கிறது. உடல் உறுப்புகளின் வரைபடம் போட மட்டும் தடையில்லை. இரண்டாவது, அங்கீகாரம் இல்லாத பட்டங்களும் ஒரு வார வகுப்புச் சான்றிதழ்களும். மூன்றாவது, உரிய மேற்படிப்பு இல்லாமல் சர்க்கரை நோய் சிறப்பு மருத்துவர், குழந்தைகள் சிறப்பு மருத்துவர் என்றெல்லாம் போட்டுக்கொள்வது. பொது மருத்துவம் பார்ப்பவர் சர்க்கரை நோய் பார்க்கலாம், ஆனால் சிறப்பு நிபுணர் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

நான்காவதுதான் அச்சக மாதிரிகளில் அதிகம் வருவது: வெள்ளைப் பின்னணியில் சிவப்புக் கூட்டல் குறி. அது செஞ்சிலுவைச் சங்கத்தின் சின்னம். 1960-ஆம் வருட ஜெனிவா ஒப்பந்தங்கள் சட்டப்படி அனுமதியில்லாமல் அதைப் பயன்படுத்தக்கூடாது. டாக்டர்களுக்கும் விலக்கு இல்லை. அச்சகத்தில் “எல்லாரும் போடறாங்களே” என்பார்கள். எடுத்துவிடச் சொல்லுங்கள்.

முகவரியை ஆங்கிலத்தில் தெளிவாகப் போடுங்கள். அட்டவணை எச்1-இல் உள்ள மருந்துகளை விற்கும்போது மருந்தாளுநர் உங்கள் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அவர் இந்தத் தலைப்பகுதியைப் பார்த்துத்தான் எழுதுகிறார்.

4. நோயாளி விவரக் கட்டங்கள்

1945-ஆம் வருட மருந்துகள் விதிகளில் 65-ஆவது விதி ஒரு மருந்துச் சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது: எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தும் தேதியும் வேண்டும், நோயாளியின் பெயரும் முகவரியும் வேண்டும், மருந்தின் மொத்த அளவும் வேளைக்கு எவ்வளவு என்பதும் வேண்டும். இதில் முகவரியைத்தான் பெரும்பாலான பேட்கள் விட்டுவிடுகின்றன. பெயர், வயது, பாலினம், தேதி என்று நான்கோடு முடித்துவிடுகிறார்கள். ஊர்ப் பெயரும் தெருவும் எழுதுகிற அளவுக்காவது ஒரு முழு வரி விடுங்கள்.

இதோடு இரண்டு கட்டங்களை நானாகச் சேர்த்தேன். இரண்டும் அச்சக மாதிரியில் இல்லை.

ஒன்று எடை. குழந்தைக்கு எழுதும்போது மருந்தாளுநர் உங்கள் அளவைச் சரிபார்க்க ஒரே வழி இதுதான். 12 கிலோ குழந்தைக்குப் பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. என்று வைத்தால் வேளைக்கு 180 மி.கி. சிரப் 5 மி.லி.-க்கு 125 மி.கி. உள்ளது என்றால் 7.2 மி.லி. வரும். 250 மி.கி. உள்ளது என்றால் 3.6 மி.லி. தான். கடையில் இரண்டு வகையும் இருக்கும். சீட்டில் எடையும் சிரப்பின் வீரியமும் இருந்தால், பாட்டில் மாறிப்போனால் கடையிலேயே பிடித்துவிடலாம். வெறும் “7 மி.லி.” என்று எழுதி, 250 பாட்டில் கொடுபட்டால் குழந்தைக்குப் போவது இரட்டை அளவு.

இன்னொன்று மருந்து ஒவ்வாமை. கட்டத்தை அச்சடித்தால் மட்டும் போதாது, ஒவ்வொருவரிடமும் கேட்டு ‘இல்லை’ என்றாவது எழுத வேண்டும். காலியாக இருக்கும் கட்டத்தைப் பார்ப்பவருக்கு ஒவ்வாமை இல்லையா, டாக்டர் கேட்கவே இல்லையா என்பது தெரியாது.

5. எழுதும் இடம்: அளவுகோலை வைத்துக் கணக்குப் போடுங்கள்

பேட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. என் பேட்டின் 210 மி.மீ. உயரத்தை இப்படிப் பிரித்தேன். மேலே பசை ஒட்டிக் கிழிக்கும் இடத்துக்கு 8, தலைப்பகுதிக்கு 32, நோயாளி விவரத்துக்கு 20, எழுத 115, கையெழுத்துக்கு 20, அடிக்குறிப்புக்கு 10, கீழ் ஓரம் 5. கூட்டினால் 210.

115 மி.மீ. உயரத்தில், வரிக்கு 8 மி.மீ. என்றால் 14 வரி கிடைக்கும். அது போதுமா என்று ஒரு நிஜமான சீட்டை வைத்துப் பாருங்கள். சர்க்கரையும் பிரஷரும் உள்ள ஒருவர் தொண்டை வலியோடு வருகிறார். அவருக்கு மெட்ஃபார்மின், டெல்மிசார்டானும் அம்லோடிபினும் சேர்ந்த மாத்திரை, அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் ஆசிடும் சேர்ந்த மாத்திரை, பாரசிட்டமால் என்று நான்கு எழுதுகிறீர்கள். மருந்தின் மூலப் பெயரைப் புரியும்படி, கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று விதிமுறையில் 2016-இல் திருத்தம் வந்தது. அப்படி எழுதினால் கூட்டு மருந்து இரண்டும் தலா இரண்டு வரி, மற்றவை தலா ஒரு வரி, ஆக ஆறு. ஒவ்வொன்றின் கீழும் வேளை, நாள், மொத்த எண்ணிக்கை எழுத நான்கு. ஆலோசனைக்கு இரண்டு, மறுபடி வர வேண்டிய தேதிக்கு ஒன்று. மொத்தம் 13. ஏ5-இல் ஒரு வரி மிஞ்சுகிறது. இதைவிடச் சின்னத் தாளில் கடைசி மருந்து கையெழுத்துக்கு மேல் ஏறும், அல்லது ஓரத்தில் குறுக்கே எழுத வேண்டி வரும்.

அடுத்தது அகலம். இரண்டு பக்கமும் 8 மி.மீ. விட்டால் எழுத 132 மி.மீ. இருக்கும். இதில் இடது பக்கம் ஒரு கோடு போட்டு, அறிகுறி, நாடி, ரத்த அழுத்தம், டெஸ்ட் எல்லாம் எழுத ஒரு பத்தி விடுவது வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் அகலம் 40 மி.மீ.-ஐத் தாண்டக்கூடாது. மீதி 92 மி.மீ.-இல், எழுத்துக்கு 4 மி.மீ. வீதம், வரிக்கு 23 எழுத்து வரும். கிளாவுலானிக் ஆசிட் 125 மி.கி. என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் இடைவெளியோடு 22. சரியாக உட்காருகிறது. பல மாதிரிகளில் இடது பத்தி 50 மி.மீ. இருக்கும். அதில் வரிக்கு 20 எழுத்துதான். அப்போது மருந்தின் பெயர் ஒரு வரியிலும் வீரியம் அடுத்த வரியிலும் பிரியும். தனியாக நிற்கும் ‘125’-ஐ அவசரத்தில் அடுத்த மருந்தோடு சேர்த்துப் படித்துவிட வாய்ப்பு அதிகம். உங்கள் எழுத்து பெரிதென்றால் முதலில் ஒரு தாளில் எழுதி அளந்துகொள்ளுங்கள்.

காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்ட அட்டவணையை அச்சகத்தில் ஆசையாகக் காட்டுவார்கள். நான் வேண்டாம் என்றேன். மாத்திரைக்கு அது பொருந்தும். களிம்புக்கும் தேவைப்பட்டால் மட்டும் போடும் மருந்துக்கும் பொருந்தாது. வாரம் ஒருமுறை மட்டும் எடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்தைத் தினசரிக் கட்டத்தில் எழுதினால் நோயாளி தினமும் போட்டுவிடக்கூடும், அது உயிருக்கே ஆபத்து. எழுதும் இடம் வெறுமையாக இருக்கட்டும், ஆர்எக்ஸ் குறி மட்டும் மேல் மூலையில் போதும்.

எழுதும்போது மொத்த எண்ணிக்கையை விடாதீர்கள். காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாள் என்றால் பக்கத்தில் ‘10’ என்று போடுங்கள். விதி 65 கேட்பது இதைத்தான். கடைசி மருந்துக்குக் கீழே மிச்சமுள்ள இடத்தில் ஒரு சாய்கோடு கிழித்துவிடுங்கள், வேறு யாரும் இன்னொரு மருந்தைச் சேர்க்க முடியாது.

நடுவில் வெளிர் நிறத்தில் லோகோ போடுவதும் வேண்டாம். பேப்பரில் லேசாகத் தெரிவது ஜெராக்ஸ் எடுத்தால் கறுத்துவிடும், வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் எழுத்தோடு கலந்துவிடும். இன்று பாதிப் பேர் போட்டோவைக் காட்டித்தான் மருந்து வாங்குகிறார்கள்.

6. கையெழுத்து இடமும் அடிக்குறிப்பும்

கையெழுத்துக்கு 20 மி.மீ. விட்டதற்குக் காரணம் உண்டு. மருந்து கொடுத்த கடைக்காரர் தன் கடைப் பெயர், முகவரி, கொடுத்த தேதி மூன்றையும் உங்கள் கையெழுத்துக்கு மேலே குறிக்க வேண்டும் என்று அதே 65-ஆவது விதி சொல்கிறது. இடம் இல்லாவிட்டால் ஸ்டாம்ப் மருந்துப் பெயர் மேலேயே விழும். அடுத்த முறை அந்தச் சீட்டோடு உங்களிடம் வரும்போது என்ன கொடுத்தீர்கள் என்று உங்களுக்கே படிக்க வராது.

அடிக்குறிப்பு நோயாளிக்கானது, அதனால் தமிழில் போடுங்கள். வேலை நேரம், விடுமுறை நாள், ‘அடுத்த முறை இந்தச் சீட்டைக் கொண்டு வரவும்’, அவசரத்துக்கு 108. மருந்துக் குறிப்பை விளக்கும் ஒரு வரியும் சேர்க்கலாம்: ‘1-0-1 என்றால் காலை 1, மதியம் இல்லை, இரவு 1’. இவ்வளவு போதும்.

‘இந்தச் சீட்டு சட்ட வழக்குகளுக்குச் செல்லாது’ என்ற வரியைப் பலர் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். உங்கள் கையெழுத்தும் தேதியும் உள்ள காகிதம் அது. அந்த வரி இருப்பதால் கோர்ட் அதைக் கேட்காமல் விடப்போவதில்லை. அந்த இடத்தில் நோயாளிக்கு உதவும் வேறு வரி போடுங்கள்.

பக்கத்து மெடிக்கல் ஷாப்காரர் வந்து, “பேட் நான் அடிச்சுத் தர்றேன் சார், கீழ கடை பேர் மட்டும் சின்னதா போட்டுக்கறேன்” என்பார். மருந்து கம்பெனி ரெப்பும் இதையே சொல்வார், கடையின் இடத்தில் அவர்கள் மருந்தின் பெயர் இருக்கும். இரண்டையும் மரியாதையாக மறுத்துவிடுங்கள். மருந்து கம்பெனியிடம் பரிசு வாங்கக்கூடாது என்று 2009 டிசம்பரில் விதிமுறையில் சேர்த்துவிட்டார்கள். கடைப் பெயர் போட்டால், இங்கேதான் வாங்க வேண்டும் என்று நீங்கள் சொல்வதாகவே நோயாளி எடுத்துக்கொள்வார். சில நூறு ரூபாய்க்கு அது வேண்டாம்.

7. ப்ரூஃப் பார்ப்பது

தமிழ் எழுத்துதான் இங்கே முதல் பொறி. பல அச்சகங்களில் இன்னும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களைத்தான் வைத்திருக்கிறார்கள். நீங்கள் போனில் டைப் செய்து அனுப்பியதை அங்கே ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறும், அல்லது எழுத்தே கட்டங்களாக வரும். பிறகு அவர்கள் பார்த்துத் திருப்பி அடிப்பார்கள். ‘ல’, ‘ள’, ‘ழ’ மாறுவது அப்போதுதான். ப்ரூஃப் சரியாக வந்தபின், பைலை அனுப்புவதற்கு முன் எழுத்துகளை வரைகோடாக மாற்றச் சொல்லுங்கள். CorelDRAW என்றால் தேர்ந்தெடுத்துவிட்டு `Ctrl+Q`. Illustrator என்றால் `Ctrl+Shift+O`. அப்படிச் செய்துவிட்டால் வேறு கம்ப்யூட்டரில் திறந்தாலும் எழுத்து மாறாது. மாற்றிய பைலில் திருத்த முடியாது என்பதால், திருத்தக்கூடிய பைலையும் ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு அச்சகத்துக்குப் போகலாம்.

வாட்ஸ்அப்பில் வரும் ப்ரூஃபைப் பார்த்துச் சம்மதம் சொல்லாதீர்கள். நிஜ அளவில், ஏ5 தாளில் ஒரு பிரிண்ட் கேளுங்கள். அதில் உங்கள் பேனாவால் மேலே சொன்ன நான்கு மருந்தையும் எழுதிப் பாருங்கள். பதிவு எண்ணையும் போன் எண்ணையும் சான்றிதழோடு ஓர் இலக்கம் ஓர் இலக்கமாக, வேறொருவரை வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். கடைசியில் ப்ரூஃபிலேயே கையெழுத்தும் தேதியும் போட்டு, அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அச்சில் பிழை வந்தால் யார் செலவில் மறுபடி அடிப்பது என்ற பேச்சுக்கு அதுதான் ஆதாரம்.

8. செலவும் நாளும்

ஆஃப்செட்டில் அடித்தால் டிசைனுக்கும் பிளேட்டுக்கும் ஆகும் செலவு 500 தாளுக்கும் 2000 தாளுக்கும் ஒன்றுதான், தாளும் அச்சுக் கூலியும்தான் கூடும். அதனால் எண்ணிக்கை ஏற ஏற ஒரு தாளின் விலை இறங்கும். ஆசைப்பட்டு 5000 அடித்துவிட வேண்டாம். நாளைக்கு 20 பேர், மாதம் 25 நாள் என்றால் 500 தாள். முதல்முறை 1000, அதாவது நூறு தாள் கொண்ட பத்து பேட், இரண்டு மாதத்துக்கு வரும். அதற்குள் நேரமோ போன் எண்ணோ மாறாமல் இருக்காது.

விலை கேட்கும்போது டிசைன், பிளேட், தாள், அச்சு, பசை ஒட்டுவது, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்தா என்று கேளுங்கள். டிசைனைத் தனியாகச் சொல்லி பிறகு கூட்டுவார்கள். ஒரே நிறத்தில், அடர்நீலத்திலோ கறுப்பிலோ அடித்தால் செலவு குறைவு, ஜெராக்ஸும் சுத்தமாக வரும். வரிசை எண் போட கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். அதைக் கொடுத்துவிடுங்கள். தூக்க மாத்திரைக்கும் வலி மாத்திரைக்கும் ஆசைப்பட்டு டாக்டர் பேட்டைத் திருடுபவர்கள் இருக்கிறார்கள். எண் இருந்தால் எந்தத் தாளில் இருந்து எந்தத் தாள் வரை காணவில்லை என்று போலீஸிலும் சுற்றியுள்ள கடைகளிலும் சொல்லலாம்.

கார்பன் இல்லாமல் நகல் விழும் இரட்டைத் தாள் பேட் தேவையா? அட்டவணை எக்ஸ் மருந்துகளுக்குச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றை மருந்தாளுநர் இரண்டு வருடம் வைத்திருப்பார். அப்படிப்பட்ட மருந்து எழுதாத பொது மருத்துவர் எல்லாவற்றையும் இரட்டையாக அடிக்க வேண்டாம், அதன் விலை சாதாரண பேட்டைப் போல் பல மடங்கு.

ப்ரூஃப் சரி என்றபின் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். பிளேட் போட்டு அடிப்பது சீக்கிரம் முடிந்துவிடும். மை காய்ந்து, வெட்டி, பசை ஒட்டி அது காய்வதில்தான் நாள் போகும். கார்த்திகை, மார்கழியில் காலண்டர், டைரி வேலை. தை, ஆவணியில் கல்யாணப் பத்திரிகை. தேர்தல் வந்துவிட்டால் நோட்டீஸ். அந்தக் காலங்களில் இரண்டு வாரம் ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

9. பேட் கைக்கு வந்ததும்

பத்து பேட்டிலும் நடுவிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பாருங்கள்: கோணலாக வெட்டியிருக்கிறதா, மை மங்கியிருக்கிறதா, இழுத்தால் பசை விட்டுத் தாள் கொத்தாக வருகிறதா. குறை இருந்தால் அன்றே திருப்பிக் கொடுங்கள். மேஜையில் ஒரு பேட் மட்டும் இருக்கட்டும், மற்றவை பூட்டிய அலமாரிக்குள். எண்ணிக்கை இரண்டு பேட்டாகக் குறைந்ததும் அடுத்த ஆர்டர் கொடுத்துவிடுங்கள். தினம் 20 பேர் என்றால் அது பத்து நாளுக்குத்தான் வரும்.